பெல்ட்டை நிறுத்தியது ஆர்?

எங்கள் மனேஜருக்குத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "ஆர் செய்தது?" கூரை ஒழுகிக் கிட்டங்கிக்குள் மழைத்தண்ணீர் வந்தாலும் அதைத்தான் கேட்பார். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் எங்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். யாராவது ஒருவன் தலையைக் குனிந்தால் போதும், அன்றைய நிர்வாகம் முடிந்தது. தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லிவிடுவார்.

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரையில் இருந்த ஒரு உரக் கிட்டங்கியில் நான் வேர்க்ஷொப் போர்மனாக இருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். கப்பலில் யூரியா உரம் மூட்டையில்லாமல் குவியலாக வரும். கிரேன் அதைக் கப்பலின் அடியறையிலிருந்து அள்ளி, கப்பல் அணையும் ஜெற்றியில் நிற்கும் பெரிய இரும்புத் தொட்டியில் கொட்டும். அங்கிருந்து நீண்ட ரப்பர் பெல்ட் ஒன்று அதைக் கிட்டங்கிக்குச் சுமந்து வரும். அங்கே பையில் அடைத்துக் கந்தளாய்ப் பக்கத்து வயல்களுக்கு லொறியில் அனுப்புவோம். பெல்ட் ஓடினால் எல்லாம் ஓடும், அது நின்றால் கப்பலும் நிற்கும்.

அதனால் ஜெற்றியில் கப்பல் கட்டியிருக்கும் நாள்களில் பெல்ட்டை நிறுத்தக் கூடாது என்று ஒரு வழக்கம். எழுதி வைத்த சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் நிறுத்தியவன் போய் மனேஜரின் மேசைக்கு முன்னால் நிற்கவேண்டும். ஒருமுறை தொட்டிக்குள் ஒரு பலகை விழுந்துவிட்டது, பெல்ட் கிழியப் போகிறது என்று ஒருவன் ஓடிப்போய் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். பெல்ட்டைக் காப்பாற்றியவன் அவன். அவனைத்தான் அன்று முழுக்க அலுவலக வாசலில் நிற்க வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒருவரும் போவதில்லை. சிலந்தி அதில் நிம்மதியாகக் கூடு கட்டியிருந்தது.

அப்படிப்பட்ட பெல்ட் ஒருநாள் தானாகவே நின்றது. கப்பலில் பாதிச் சரக்கு இன்னும் கிடக்கிறது. மோட்டர் பாரம் தாங்காமல் சுவிட்சை விழுத்திவிட்டது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தால், ஜெற்றிப் பக்கத்து அந்தத்தில் பெல்ட் சுற்றித் திரும்பும் உருளையின் பேரிங் இறுகிப்போய்க் கிடந்தது. எரிந்த மணம். உருளை அசையவில்லை. தொட்டியில் கிடந்த உரத்தின் மேல் அந்தி மழையும் பெய்து, அது கல்லாகிப்போனது. அதைக் கம்பியால் குத்தி உடைத்த பாடு எங்களுக்குத்தான் தெரியும். கோதாரி பிடித்த வேலை.

மறுநாள் காலையிலேயே மனேஜர் பதிலைக் கண்டுபிடித்துவிட்டார். கேள்வி மாறாதவருக்குப் பதில் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? பேரிங்குகளுக்குக் கிறீஸ் வைக்கும் வேலை யாருடையது? கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு நானாவுடையது. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்போம், அவர் எல்லாருக்கும் கிறீஸ் நானா. பல வருடமாகத் தற்காலிக வேலையில் இருந்தவர். அந்த மாத முடிவில்தான் அவரை நிரந்தரமாக்கும் பட்டியல் கொழும்புக்குப் போகவிருந்தது. இப்போது அதில் அவர் பெயரை வெட்டுவதோடு, வீட்டுக்கும் அனுப்பிவிடுவது என்று முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை ஒன்று வேண்டும், அதை எழுதுவது நான், அவ்வளவுதான் மிச்சம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கிறீஸ் நானாவைப் பிடிக்காது. அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்காது. வாய் ஓயாது. என் ஸ்பனர்களை எடுத்துப்போனால் திரும்பி வராது. கேட்டால், "உங்கட சாமான எனக்கென்னத்துக்கு போர்மன், என்ட வீட்டில கப்பலா ஓடுது?" என்று எனக்கே திருப்பித் தருவார். உலகத்தில் ஓடும் எல்லா இயந்திரத்தையும் பற்றித் தனக்குத் தெரியும் என்ற நினைப்பு அவருக்கு. உண்மையில் அவருக்குத் தெரிந்தது கிறீஸ் வைப்பது மட்டும்தான். நல்லவர், வல்லவர், வாய் பேசாதவர் என்று நினைத்துக்கொண்டு இதை வாசிக்காதீர்கள். ஆனால் பிடிக்காதவன் என்பதற்காக ஒருத்தனின் அடுப்பை அணைக்கலாமா? வீட்டில் மூன்று பிள்ளைகள், நோய்க்காரத் தகப்பன். இந்த வேலை போனால் அந்த மனிசன் என்ன செய்வார்?

அதே நாள்களில் எங்களிடம் ஒரு ஜப்பான்காரர் வந்திருந்தார். புதிதாக வாங்கிய பையடைக்கும் மெஷினைப் பொருத்த வந்த எஞ்சினியர். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் சரிக்குச் சரி மோசம், அதனால் இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கியது. ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டுக்குக் கிட்டத்தான் அவருக்கு அறை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். வந்த முதல் வாரம் உத்தியோகத்தர்களுக்கு ஒரு சின்னப் பேச்சு வைத்தார். எங்கள் ஜப்பான் தொழிற்சாலைகளில் ஏதாவது பழுதானால் 'ஏன்' என்று கேட்போம், வரும் பதிலுக்கும் 'ஏன்' என்று கேட்போம், இப்படி ஐந்து முறை அளவில் கேட்டால் அடிவேருக்குப் போய்விடலாம் என்றார். மனேஜருக்கு அது பிடித்துப்போய்விட்டது. புதுச் சேட்டு வாங்கிய ஆளைப் போல ஒரு கிழமை அதைப் போட்டுக்கொண்டு திரிந்தார். தேத்தண்ணியில் சீனி குறைந்தால்கூட, "ஃபைவ் வைஸ், அஞ்சு ஏன், கேட்கவேணும்" என்பார்.

ஆகவே விசாரணையும் அந்த முறைப்படியே நடந்தது. ஐயோ, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மனேஜர், அவருக்கு இடப்பக்கம் நிர்வாக உத்தியோகத்தர், ஒரு ஓரத்தில் நான், அலங்காரத்துக்கு ஜப்பான்காரர். கதிரை இல்லாமல் நின்றவர் கிறீஸ் நானா மட்டும்தான். நிர்வாக உத்தியோகத்தர் கரும்பலகையில் அழகான எழுத்தில் எழுதத் தொடங்கினார்.

"ஏன் பெல்ட் நிண்டது?" என்று மனேஜர் கேட்டார்.

"கிறீஸ்காரர் கிறீஸ் வைக்கேல்ல சேர்."

"ஏன் வைக்கேல்ல?"

"கவனமில்ல சேர்."

"ஏன் கவனமில்ல?"

நிர்வாக உத்தியோகத்தர் கொஞ்சம் யோசித்தார். "நோன்பு மாதம் சேர். களைப்பு."

நானா பொறுக்கவில்லை. "நோன்பு வயித்துக்குத்தான் சேர், கைக்கில்ல!" என்று கத்தினார். அவர் குரல் ஜெற்றிவரைக்கும் கேட்டிருக்கும். "அல்லாட சத்தியமா சொல்றன், உந்த பேரிங் கள்ளச் சாமான். நான் முந்தியே சொன்னனான்!"

பேரிங் போலிச் சாமான் ஒன்றும் இல்லை. பெட்டியைப் பிரித்து அதைப் போட்டவன் நான். தன்னைக் காப்பாற்றத் தெரியாத இந்த மனிசன் போகிற போக்கில் என்னையும் இழுத்துவிட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

"சத்தம் போடாதேங்கோ" என்றார் மனேஜர். "சரி, களைப்பு ஏன்?"

"கிண்ணியாவில இருந்து வாறவர் சேர். பாதையில கடந்து வரவேணும்." பாதை என்றால் அங்கே வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவை.

"ஏன் கிண்ணியாவில இருக்கிறார்?"

"பிறந்த இடம் சேர்."

ஐந்தாவது ஏனும் முடிந்தது. நிர்வாக உத்தியோகத்தர் சோக்குக்கட்டியை வைத்துவிட்டுக் கையைத் தட்டினார். விஞ்ஞான முறைப்படி நடந்த எங்கள் விசாரணையில் கண்டுபிடித்த மூல காரணம் என்ன தெரியுமா? நானாவுடைய உம்மா அவரைக் கிண்ணியாவில் பெற்றதுதான். இதைச் சொல்லப் படித்த மனிசர் இரண்டு பேருக்குச் சம்பளமும் பங்களாவும். சீ!

நான் பலகையில் இருந்ததை ஜப்பான்காரருக்கு மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல அவருடைய முகம் பல்லு வலிக்காரனின் முகம் மாதிரிப் போனது. கடைசியில் எழும்பினார். மரியாதையாகத் தலையைச் சாய்த்தார். "நல்ல கேள்விகள். ஆனால் எல்லாம் கதிரையில் இருந்து கேட்டவை. போய்ப் பார்ப்போம்" என்றார்.

மனேஜர் வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்தார். ஜெற்றிக்கு அவர் வந்தே பல மாதம். ஈர யூரியா சப்பாத்தில் அப்ப, முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். எனக்கு அந்தக் காட்சி ஒன்றே போதும், அன்றைய கூலி கிடைத்துவிட்டது.

ஜப்பான்காரர் இறுகிப்போன உருளைக்கு முன்னால் குந்தினார். பேரிங்கைக் கழற்றி வைத்திருந்தோம். உள்ளே கிறீஸ் என்று ஒரு சொட்டுமில்லை. உரத்தூளும் ஈரமும் சேர்ந்து துருப்பிடித்த ஒரு பசைதான் இருந்தது. பார்த்துவிட்டு அவர் கேட்டது, "இதே ஆள் கிறீஸ் வைக்கும் வேறு பேரிங் எது?"

பெல்ட்டின் மற்ற அந்தம், கிட்டங்கிப் பக்கத்து உருளை. அங்கே போய் அதன் மூடியைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். புதுக் கிறீஸ் நிறைந்து வழிந்தது.

ஒரே மனிசன். ஒரே நோன்பு. ஒரே பாதை. ஒரே கிண்ணியா. அங்கே வறட்சி, இங்கே வெள்ளம். மனேஜர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நிர்வாக உத்தியோகத்தர் கடலைப் பார்த்தார். நானா மட்டும் இன்னும், "கள்ளச் சாமான், கள்ளச் சாமான்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். தனக்குச் சாதகமான சாட்சி கண்ணுக்கு முன்னால் வழிந்துகொண்டிருப்பது அந்த ஆளுக்குத் தெரியவில்லை.

"ஆளில் வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் இடத்தில் வித்தியாசம்" என்றார் ஜப்பான்காரர். "ஏன் இங்கே போகும் கிறீஸ் அங்கே போகவில்லை?"

திரும்பவும் ஜெற்றி அந்தத்துக்கு நடந்தோம். இந்த முறை எனக்கே விளங்கியது. கிட்டங்கிப் பக்கத்தில் கிறீஸ் வைக்கும் முனை வெளியே இருக்கிறது, பெல்ட் ஓடும்போதும் வைக்கலாம். ஜெற்றிப் பக்கத்தில் அது இரும்பு மறைப்புக்கு உள்ளே. ஓடும்போது மறைப்பைத் திறந்தால் கையை இழுத்துப்போகும், அதற்காகத்தான் மறைப்பே போட்டது. ஆக, அங்கே கிறீஸ் வைக்கப் பெல்ட்டை நிறுத்த வேண்டும்.

"நானா, கப்பல் இல்லாத நேரத்தில இதுக்குக் கிறீஸ் வைச்சனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம், வைச்சனான். கப்பல் வந்தா எப்படி வைக்கிற? நான் போய்ப் பெல்ட்ட நிப்பாட்டி, பிறகு பெரியவர்ட மேசைக்கு முன்னால நிக்கவா? எனக்கு விசரா?"

அதை மனேஜரின் முகத்துக்கு நேரேதான் சொன்னார். அந்த ஆளிடம் எனக்குப் பிடித்த ஒரே ஒரு கணம் அது.

பின்னேரம் வேர்க்ஷொப்பில் ஜப்பான்காரரும் நானுமாக இருந்து எழுதினோம். பெல்ட் ஏன் நின்றது? உருளை இறுகி மோட்டருக்குப் பாரம் கூடியது. உருளை ஏன் இறுகியது? பேரிங்கில் கிறீஸ் தீர்ந்து ஈரமும் தூளும் புகுந்தன. கிறீஸ் ஏன் தீர்ந்தது? கப்பல் நின்ற நாள்களில் அங்கே கிறீஸ் வைக்கப்படவில்லை. ஏன் வைக்கப்படவில்லை? முனை மறைப்புக்குள் இருக்கிறது, பெல்ட் நின்றால்தான் எட்டும். இந்த இடத்தில் நான் பேனையை இறுக்கிப் பிடித்தேன். பெல்ட் ஏன் நிற்கவில்லை? நான் சந்தோசமாக எழுதினேன்: மனேஜர் பெல்ட்டை நிறுத்துபவர்களைத் தண்டிப்பதால்.

ஆகா! எத்தனை வருடத்து எரிச்சல் அந்த ஒரு வரியில் இருந்தது! பொத்தானை அழுத்தி வாசலில் நின்றவனுக்கும் சேர்த்து எழுதியது. கொழும்புக்கு இது போகும், அவர் பெயர் மேசை மேசையாகத் திரியும் என்று எனக்கு உச்சி குளிர்ந்தது.

ஜப்பான்காரர் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "முந்திய மனேஜரின் காலத்தில் பெல்ட்டை நிறுத்தினீர்களா?" என்றார்.

நான் யோசித்தேன். முந்தியவர் நல்ல மனிசர், குரலை உயர்த்தமாட்டார். ஆனாலும் நிறுத்தவில்லை. கப்பல் போகும்வரை ஓடட்டும் என்பதுதான் அப்போதும் கதை. அப்போது கப்பல்கள் சிறியவை, சீக்கிரம் போய்விடும், பேரிங் தாக்குப்பிடித்தது.

"இல்லை" என்றேன்.

"நாளைக்கு இவர் மாற்றலாகிப் போனால் நிறுத்துவீர்களா?"

அதற்கும் இல்லை என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. எப்போது நிறுத்துவது, யாரைக் கேட்டு நிறுத்துவது என்று ஒரு ஏற்பாடும் எங்கள் வேலைமுறையில் இல்லை. வேர்க்ஷொப் கிறீஸ் வைக்கச் சொல்லும், கப்பல் பகுதி ஓட்டச் சொல்லும், இரண்டும் ஒன்றையொன்று கேட்பதில்லை.

"அப்படியென்றால் இவர் வேர் இல்லை" என்று அவர் பேனையை எடுத்து மனேஜர் என்ற சொல்லை வெட்டினார். "பதிலில் ஒரு ஆள் வந்தால் கேள்வி இன்னும் முடியவில்லை. அந்த ஆளை மாற்றிப் பார். பழுது அப்படியே இருந்தால் அவர் காரணமில்லை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நானாவை விட்டுவிடு என்றால் சரி, அவர் ஏழை. இந்த மனிசனையும் விடுவதா? எத்தனை பேரை மேசைக்கு முன்னால் நிற்க வைத்தவர்? "அவர் செய்தது பிழையில்லையோ?" என்று கேட்டேன்.

"பிழையாக இருக்கலாம். அது வேறு கதை. உங்களுக்கு என்ன வேண்டும்? அவருக்கு வெட்கம் வரவேண்டுமா, அந்தப் பேரிங்குக்குக் கிறீஸ் வரவேண்டுமா?"

இரண்டும் வேண்டும் என்றுதான் மனதில் பட்டது. ஆனால் அவர் பெயரைப் போட்ட அறிக்கை அவருடைய மேசையைத் தாண்டாது, கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு நானாவை அனுப்பிவிடுவார் என்பதும் எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தாவதைத் திரும்ப எழுதினேன்: 'கப்பல் நிற்கும் நாள்களில் கிறீஸ் வைப்பதற்காகப் பெல்ட் நிற்கும் நேரம் எதுவும் வேலைமுறையில் ஒதுக்கப்படவில்லை.' அதன் கீழே, செய்யவேண்டியது: 'கப்பலின் ஒரு அறை முடிந்து கிரேன் அடுத்த அறைக்கு மாறும்போது, பெல்ட் வெறுமையானதும் நிற்கும். சுவிட்ச் பூட்டப்பட்டு, மறைப்பு திறந்து, கிறீஸ் வைக்கப்படும்.' பிறகு அவர் என்னைக் கீழிருந்து மேலே வாசிக்கச் சொன்னார். நேரம் ஒதுக்கவில்லை, ஆகவே பெல்ட் நிற்கவில்லை. நிற்கவில்லை, ஆகவே முனை எட்டவில்லை. எட்டவில்லை, ஆகவே கிறீஸ் வைக்கவில்லை. கிறீஸ் இல்லை, ஆகவே உருளை இறுகியது. இறுகியது, ஆகவே மோட்டர் நின்றது. ஓரிடத்திலும் இடறவில்லை. உம்மா அவரைக் கிண்ணியாவில் பெற்றார், ஆகவே பெல்ட் நின்றது என்று வாசித்துப் பாருங்கள், தெரியும் சங்கதி.

வெள்ளிக்கிழமை அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தேன். மனேஜர் வாசித்த விதத்தை மறக்கமாட்டேன். எழுத்தை வாசிக்கவில்லை, தன் பெயரைத் தேடினார். விரலால் வரி வரியாகத் தடவினார். ஐந்தாவதில் கொஞ்சம் நின்றார். பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். எங்கேயும் இல்லை என்று நிச்சயமானதும் பெருமூச்சு விட்டார்.

"நல்ல அறிக்கை" என்றார். "நானே இதைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

நினைத்துக்கொண்டிருந்தாராம்! மயிரிழை வெட்கம் கிடையாது. "அப்ப கிறீஸ்காரரின்ர விசயம் சேர்?" என்று கேட்டேன்.

"இதில அவர்ட பேர் ஒண்டும் இல்லையே. பட்டியல் போகட்டும்" என்று கையெழுத்தைக் கிறுக்கினார். அறிக்கையில் மனேஜரின் பெயர் ஒரு இடத்தில் இருந்திருந்தால் நானாவின் பெயர் பட்டியலில் இருந்திராது. அது எனக்கு அந்த நிமிடமே விளங்கியது. விளங்கியதும் இன்னும் எரிச்சல்தான் வந்தது.

வெளியே நானா காத்துக்கொண்டு நின்றார். விசயத்தைச் சொன்னேன். சந்தோசப்படுவார், ஒரு நன்றியாவது சொல்லுவார் என்று பார்த்தால், "அப்ப ஆர்ட பிழை எண்டு எழுதின?" என்று கேட்டார்.

"ஒருத்தர்ட பிழையும் இல்ல எண்டு."

"அதெப்படி போர்மன்? பேரிங் செத்துப்போச்சு, ஆரோ ஒருத்தர்ட பிழையாத்தானே இருக்கவேணும்? அந்தப் பேரிங்க வித்த கடைக்காரன்ட பேரையாவது போட்டிருக்கலாமே!" தாங்க முடியாமல் நான் வேர்க்ஷொப்புக்குள் போய்விட்டேன். ஸ்பனர் ஒன்று அன்றும் குறைந்திருந்தது.

அடுத்த கப்பல் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வந்தது. நானா அப்போது நிரந்தர ஊழியர், நடையே மாறியிருந்தது. முதலாவது அறை முடிந்து கிரேன் அடுத்த அறைக்கு மாறியது. பெல்ட் வெறுமையாகி நின்றது. ஜெற்றியில் அப்படி ஒரு அமைதியை நாங்கள் கேட்டதே இல்லை, காகங்களின் சத்தம்கூடக் கேட்டது. நானா சுவிட்சைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மறைப்பைத் திறந்து உள்ளே குனிந்தார்.

அந்த அமைதியைக் கேட்டுத்தான் மனேஜர் வந்தார். அவரே கையெழுத்துப் போட்ட முறை அது. ஆனால் பழக்கம் கையெழுத்தைவிடப் பெரிது. அலுவலகத்திலிருந்து வேட்டைநாய் மாதிரிப் பாய்ந்து வந்து, எங்கள் எல்லாருடைய முகத்தையும் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்துக் கத்தினார்:

"பெல்ட்ட நிப்பாட்டினது ஆர்?"

முந்தியென்றால் யாராவது ஒருவன் தலையைக் குனிந்திருப்பான். அன்றைக்கு ஒருவரும் குனியவில்லை. குனிந்திருந்தது நானா மட்டும்தான், அதுவும் பேரிங்குக்கு முன்னால். அவர் கிறீஸ் பிடித்த கையோடு தலையை வெளியே நீட்டினார்.

"ஒருத்தரும் நிப்பாட்டேல்ல சேர்" என்றார். "நிக்கிற நேரம் வந்திச்சு, நிண்டிச்சு."